மைனஸ் போடாத சுவர்

அந்த வீட்டில் மருமகள் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அதுதான் அந்த வீட்டைப் பிடித்த கேடு.

மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு வரும் புகார்களைக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். கத்துகிறவனிடம் சிரித்துப் பேச வேண்டும், அழுகிறவனைத் தேற்றி அனுப்ப வேண்டும். திட்டு வாங்குவதில் அவளுக்குச் சலிப்பே கிடையாது. மாமியார் வீட்டில் அதற்கு நல்ல பயிற்சி ஆகியிருந்தது. பேச்சு பாதியில் அறுந்து போவதுதான் அவளைக் கொன்றது. திட்டுகிறவன் முழு மூச்சில் திட்டிக்கொண்டிருக்கும்போது லைன் போய்விட்டால், அவன் மறுபடி கூப்பிட்டு முதலிலிருந்து திட்டுவான்.

மேலதிகாரி அம்மாள் போன வாரம் கறாராகச் சொல்லிவிட்டாள். "செவ்வாய்க்கிழமை காலையில டெஸ்ட் கால் வைக்கிறோம். நடுவுல லைன் அறுந்தாலோ, பின்னாடி வீட்டுச் சத்தம் கேட்டாலோ, இனிமே வீட்டு வேலை கிடையாது. தலைமை ஆபீசுக்கு வந்துடணும்."

தலைமை ஆபீஸ் ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகிற தூரம். அங்கே போவதென்றால் குடித்தனத்தை விடவேண்டும். குடித்தனம் வேண்டுமென்றால் வேலையை விடவேண்டும். இதில் எதை விட்டாலும் மாமியாருக்கு ஊர் முழுக்கப் பேச விஷயம் கிடைக்கும்.

வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் ஹால், அடுத்தது மாமனார் மாமியார் படுக்கிற நடுரூம், அதற்கடுத்து சமையலறை, கடைசியில் மருமகளின் மேஜை இருக்கும் பின்ரூம். நெட் கம்பெனியின் ஒயர் ஹாலுக்குள்தான் நுழைகிறது. டிவியில் சீரியல் ஓடுவதும் அந்த நெட்டில்தான். ரூட்டர் டிவி அலமாரியின் கீழ்த்தட்டில், டிவிக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவில், தண்டனைக்கு நிற்கிறவன் மாதிரி சுவரைப் பார்த்துக் கிடந்தது. "கொம்பு முளைச்ச அந்தச் சனியன் வர்றவங்க கண்ணுல படக்கூடாது" என்று மாமியார் போட்ட உத்தரவு. ஹாலுக்கும் நடுரூமுக்கும் இடையிலுள்ள சுவரை ஒட்டி, நடுரூம் பக்கம், இரண்டு இரும்பு பீரோ. இரண்டிலும் யாரும் கட்டாத புடவைகள். சமையலறைச் சுவரோரம் ஃபிரிட்ஜ். இத்தனையையும் முட்டி மோதிக்கொண்டு சிக்னல் பின்ரூமுக்கு வந்து சேரும்போது அதற்கே மூச்சு இருக்காது.

"உன் லேப்டாப்புல கோளாறு" என்றான் புருஷன்.

"அவ அதிகமா பேசுறா. அதான் லைன் தாங்கல" என்றாள் மாமியார்.

"அந்தக் கம்பெனிக்காரனே ராத்திரி குறைச்சு விடுவான். எல்லாம் திருட்டுப் பசங்க" என்றார் மாமனார். அவள் வேலை செய்வது பகலில். அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. மாமனார் பஸ் டிப்போவில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எவனைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காதவன் மாதிரிதான் பார்ப்பார். கடையில் வாங்கிய சர்க்கரையை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்க்கிற ஆள்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் மாப்பிள்ளை வந்தார். மாமியாரின் ஒரே மகளைக் கட்டியவர். ஏதோ ஒரு ஆபீசில் கம்ப்யூட்டருக்கெல்லாம் தலைவர் என்று பேச்சு. பிரிண்டரில் மாட்டிக்கொண்ட காகிதத்தை உருவுவதுதான் அவருடைய தலைமை என்று மருமகளுக்குத் தெரியும். அவர் மனைவியே ஒருநாள் கோபத்தில் சொல்லிவிட்டாள். இருந்தாலும் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் மாமியார் நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைப்பாள். டிவியின் சத்தம் தானாகக் குறையும்.

"கண்ணால பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது அத்தை. அளக்கணும்" என்றார் மாப்பிள்ளை, லேப்டாப்பைத் திறந்தபடி. "ரூம் ரூமா அளந்து மேப் போட்டுருவோம்."

"அளக்கறதுக்கு டேப் வேணுமா?" என்றார் மாமனார்.

"வேணாம் மாமா. இதுவே அளக்கும்."

மாப்பிள்ளை திரையில் வீட்டின் படத்தைக் கோடு கோடாக வரைந்தார். அதில் பின்ரூம் சமையலறையைவிடப் பெரிதாக இருந்தது. அதை அவர் கண்டுகொள்ளவில்லை. பிறகு லேப்டாப்பைக் கல்யாணச் சீர்த்தட்டு மாதிரி இரு கையிலும் ஏந்தி ஒவ்வொரு ரூமின் நடுவிலும் போய் நின்றார். எண் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, தான் நிற்கிற இடத்தைப் படத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்த இடத்தைச் சுற்றி நிறம் பரவும். ஹால் பச்சை. நடுரூமில் வாசல் பக்கம் மஞ்சள், பீரோ மறைக்கிற பக்கம் ஆரஞ்சு. பின்ரூம் சிவப்பு.

"பின்ரூம் மைனஸ் எழுபத்தொன்பது" என்று அறிவித்தார். "பேசற வேலைக்குக் குறைஞ்சது மைனஸ் அறுபத்தேழு இருக்கணும். இது மைனஸ் கணக்கு, ஞாபகம் வச்சுக்கங்க. நம்பர் பெருசாகப் பெருசாக மோசம். பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்ட வருதோ அவ்வளவு நல்லது."

இந்த ஒரு நல்ல வார்த்தையை அவர் சொன்னபோது மாமனார் அங்கே இல்லை. சாக்பீஸ் தேடப் போயிருந்தார். திரையில் வருகிற எதையும் அவர் நம்புவதில்லை. கண்ணெதிரே எழுதி வைத்தால்தான் நம்புவார்.

அவர் சாக்பீசோடு வந்ததும் சோதனை தொடங்கியது. ரூட்டரை ஒவ்வொரு இடமாக மாற்றி வைப்பது, மாப்பிள்ளை பின்ரூமுக்குப் போய் எண்ணைக் கத்துவது, ரூட்டர் இருக்கிற இடத்துச் சுவரில் மாமனார் அந்த எண்ணை எழுதுவது. ரூட்டரைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை புருஷனுக்கு. ஒரு தடவை அவன் மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, "சிக்னலே இல்லையே" என்று வியந்து நின்றான்.

"டிவிக்குப் பின்னாடி, மைனஸ் எழுபத்தொன்பது!"

மாமனார் முதலில் ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் 79 என்று எழுதினார். மாமியார் ஓடி வந்தாள்.

"ஐயையோ, வீட்டுச் சுவத்துல கழித்தல் குறி போடாதீங்க! வாழற வீட்ல எது கழியணும்னு இருக்கீங்க?" உள்ளங்கையால் அந்தக் கோட்டை அழித்தாள். "நம்பர் மட்டும் எழுதுங்க. போதும்."

"அத்தை சொல்றதும் சரிதான்" என்றார் சத்தம் கேட்டு வந்த மாப்பிள்ளை. மாமியார் காபியோடு நின்றால் அவருக்கு எல்லாமே சரிதான். "எல்லாமே மைனஸ்தானே. குறி போடலேன்னா ஒண்ணும் கெட்டுடாது."

அலமாரிக்கு மேலே வைத்துப் பார்த்தபோது 74. நடுரூமில், பீரோக்களுக்கு மேலே இருக்கும் உயரமான பலகையில், நெட் ஒயரைக் கழற்றி மின்சாரம் மட்டும் கொடுத்து வைத்தபோது 61.

"இதான் இடம்!" என்று பின்ரூமிலிருந்து குரல் வந்தது. "பீரோ மறைப்பு போச்சு, ஒரு சுவரும் குறைஞ்சுது. ஒயர் நீளம் பத்தாது. நெட் கம்பெனி ஆளை வரச் சொல்லி நடுரூம் வரைக்கும் இழுத்து, அங்கேயே மாட்டிடச் சொல்லுங்க."

மருமகள் தன் நாற்காலியைக் காட்டினாள். "அண்ணா, நான் உக்கார்ற மூலையிலயும் ஒருதடவை பாருங்களேன். நீங்க ரூம் நடுவுல, கதவைத் திறந்து போட்டு நிக்கிறீங்க. நான் கதவைச் சாத்திட்டு மூலையில உக்காருவேன்."

"ரூம்னா ரூம்தாம்மா. ஒரு ரூமுக்கு ஒரு நம்பர்" என்று சொல்லி லேப்டாப்பை மூடினார் மாப்பிள்ளை. சாப்பிட்டார், தூங்கினார், போனார். போகும்போது அந்த நிற வரைபடத்தை எல்லார் செல்போனுக்கும் அனுப்பினார். மாமியார் அதைத் தெரு முழுக்கக் காட்டி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அது ஸ்கேன் ரிப்போர்ட் என்று நினைத்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள்.

திங்கட்கிழமை மருமகள் புது ஹெட்போன் வாங்கி வரக் கிளம்பினாள். நெட் ஆள் சாயந்தரம்தான் வருவதாகச் சொல்லியிருந்தான். சாயந்தரம் என்று சொன்னவன் அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் வந்து நின்றான்.

மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவனை ஹாலுக்கும் நடுரூமுக்குமாக நடத்தினார். இங்கே 79, அங்கே 61. மனதுக்குள் கொதித்தது. படித்தவனாம், கம்ப்யூட்டராம், எது பெரிய எண் என்று தெரியாமல் பெண்ணைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறான்!

"மாப்பிள்ளை நடுரூம்ல மாட்டச் சொல்லியிருக்காரு" என்றாள் மாமியார்.

"நீ சும்மா இரு. சுவத்துல எழுதினது நான். எழுபத்தொன்பது பெருசா, அறுபத்தொண்ணு பெருசா? அலமாரிக்கு மேல வச்சாலே அஞ்சு குறையுது. நடுரூமுக்குக் கொண்டுபோனா மொத்தமா விழுந்துடுது. உன் மாப்பிள்ளை நம்ம வீட்டு நெட்டைக் குறைக்கச் சொல்றான். இதுல அவனுக்கு என்ன லாபமோ!"

நெட் ஆளுக்கு விவரம் தெரியும். நாள் முழுக்க அந்த மைனஸ் எண்களோடுதான் அவன் பிழைப்பு. ஆனால் நடுரூமுக்கு இழுத்தால் சுவரில் துளை போடவேண்டும், பீரோவின் மேலே ஏறவேண்டும். இங்கேயே மாட்டினால் இரண்டு திருகாணியோடு வேலை முடிந்தது.

"பெரியவருக்கு நல்ல அனுபவம்" என்றான். "இங்கேயே கெட்டியா மாட்டிடறேன். ஒயரையும் தொங்க விடாம அழகா வெட்டிடறேன்."

வெட்டினான். கண்ணாடி இழை ஒயர் அது, வீட்டில் இருப்பவர்கள் ஒட்டுப் போடுகிற சமாசாரமில்லை. ஒரு சாண் மிச்சம் வைத்து, புது முனை பொருத்தி, ரூட்டரை டிவிக்குப் பின்னால் பலகையோடு திருகிவிட்டுப் போனான். மாமனார் அதை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பரம திருப்தி.

மருமகள் வந்து பார்த்தாள். ஹெட்போன் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"மாமா, இது மைனஸ் கணக்கு."

"எதுல மைனஸ்? எங்க மைனஸ்? சுவத்தைப் பாரு."

"அத்தை அழிச்சாங்களே மாமா."

"அவ அழிச்சா கணக்கு மாறிடுமா?"

"அதையேதான் நானும் சொல்றேன்."

மாமனார், தோற்றது புரிந்தவர்கள் செருமுவது போல ஒருதடவை செருமிவிட்டு வாசலுக்குப் போனார்.

நெட் கம்பெனிக்குப் போன் செய்தாள். புதுப் புகாராகப் பதிந்துகொள்கிறோம், புதன்கிழமைக்கு மேல் ஆள் வரும் என்றார்கள். டெஸ்ட் செவ்வாய். செல்போன் நெட்டில் வேலை செய்யக்கூடாதென்று அவள் ஆபீசில் சட்டம். ரூட்டரிலிருந்து நேராக ஒயர் இழுத்துச் சொருகலாம் என்றால், ஆபீஸ் கொடுத்த லேப்டாப் அட்டை மாதிரி மெல்லிசு, அதில் ஒயர் சொருக ஓட்டையே கிடையாது. வேலையிலிருந்து வந்த புருஷனிடம் சொன்னாள்.

"அப்பா ஏதோ நல்லதுன்னு நெனச்சு…" என்று அவன் இழுத்தான்.

"ஏங்க, உங்க வீட்ல யாராவது கெட்டதுன்னு நெனச்சு ஏதாவது செஞ்சா தேவலை. ஒருவேளை அது சரியா வரும்."

இந்த வீட்டு ஆண்களை நம்பிக் காலத்தைப் போக்கியது போதும் என்று தானே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாப்பிள்ளை மாதிரி ரூமின் நடுவில் நிற்கவில்லை. மேஜை போடக்கூடிய, பிளக் இருக்கிற இடமாகப் பார்த்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கதவை எப்படிச் சாத்துவாளோ அப்படிச் சாத்தி, எண் அடங்கும்வரை பொறுத்துப் பார்த்தாள். பின்ரூமில் தன் மூலை: மைனஸ் 84. அட படுபாவி மாப்பிள்ளையே, நடுவிலே நின்று எழுபத்தொன்பது என்றாயே! சமையலறையில் ஃபிரிட்ஜின் நிழலில் 76, அதைவிட்டுத் தள்ளி வந்தால் 70. நடுரூமில் பிளக் இருப்பது பீரோ மறைக்கிற இடத்தில். அங்கே 71. அந்த ரூமின் வாசற்படியில் உட்கார்ந்தால் 63 வருகிறது, ஆனால் வாசற்படியில் உட்கார்ந்தா காப்பீட்டுக் கம்பெனி நடத்த முடியும்? பீரோவை நகர்த்தலாமா என்று கேட்டாள். அதை உள்ளே கொண்டுவந்தபோதே இரண்டு பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம்.

கடைசியாக ஹால். சோபாவின் ஓரத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மைனஸ் 41. ஒரு தோழியைக் கூப்பிட்டு நீளமாகப் பேசிப் பார்த்தாள். ஒரு எழுத்துகூட விழுங்கப்படவில்லை.

ரூட்டர் என்னிடம் வரமாட்டேன் என்றால் நான் ரூட்டரிடம் போகிறேன் என்று முடிவு செய்தாள். பின்ரூம் மேஜையைத் தானே இழுத்துக்கொண்டு வந்தாள். அது தரையில் கிறீச்சிட்ட சத்தத்துக்கு வீடே கூடியது.

"ஹால்லயா? வர்றவங்க போறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் மாமியார்.

"நாளைக்குக் காலையில யாரும் வரவும் வேணாம், போகவும் வேணாம் அத்தை. டிவி கூடாது. மிக்சி கூடாது. பெல் அடிக்கக்கூடாது. யாரும் வாயைத் திறக்கக்கூடாது."

"யாரும்னா?"

"முக்கியமா நீங்க."

மாமியாருக்குக் கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சோதனை வந்ததில்லை. "நான் என்ன அவ்வளவு பேசறவளா?" என்று ஆரம்பித்து, விளக்கு வைக்கும் நேரம்வரை அதை விளக்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை. புருஷன் விடுப்புப் போட்டுக் காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றினான். இந்தத் தடவை பிடுங்க வேண்டிய ஒயரைத்தான் பிடுங்கினான். மாமனார் வெளிக் கேட்டில் நிறுத்தப்பட்டார். கூவி விற்க வந்தவனை உதட்டில் விரல் வைத்துத் துரத்தினார். அவன் இது துக்க வீடு என்று நினைத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான். மாமியார் சமையலறை வாசலில், புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

அழைப்பு வந்தது. மேலதிகாரி அம்மாள் பேசினாள். பிறகு வாடிக்கையாளன் மாதிரி நடிக்கும் ஒருவன் வந்தான். நடிப்பென்றாலும் நிஜமாகவே திட்டினான். மருமகள் சிரித்துப் பேசினாள். லைன் கம்பி மாதிரி நின்றது.

பாதி டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். ரூட்டர் மாட்டிய கதையை மாமியார் அவருக்குச் சொல்லியிருந்தாள். சிக்னலை வாங்கி நீட்டித் தருகிற பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டியபடி வந்தார். கேட்டில் நின்ற மாமனாரின் சைகை அவருக்குப் புரியவில்லை. எண்ணை மாற்றிப் படித்த வெட்கத்தில் கிழவர் மூஞ்சி கோணுகிறார் என்று நினைத்து, பெருந்தன்மையோடு ஒதுக்கிவிட்டு உள்ளே நடந்தார்.

"அத்…" என்று ஹால் வாசலில் வாயைத் திறந்தார்.

மாமியார் பாய்ந்தாள். தன் வாயிலிருந்த தலைப்பை உருவி மாப்பிள்ளையின் வாயில் அடைத்தாள். எந்த மாப்பிள்ளைக்கு நாற்காலி துடைத்தாளோ, அவரை மார்பில் கை வைத்து வாசலுக்கு வெளியே தள்ளினாள். ஒரு சத்தமுமில்லாமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் பூ எடுப்பது போல் போட்டாள். வெளியே கொளுத்துகிற வெயில். ஜன்னல் வழியாக மருமகளுக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் கேட்டருகே கைகளை வீசி, ஊமைகள் போல, எது பெரிய எண் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பின்னாடி ஏதாவது சத்தமாம்மா?" என்றாள் மேலதிகாரி.

"இல்ல மேடம். இங்க எப்பவுமே அமைதிதான்" என்றாள் மருமகள். திட்டுகிறவனிடம் சிரிக்கத் தெரிந்தவளுக்குப் பொய் ஒரு பொருட்டா?

"ரொம்ப நல்லா இருக்கு. பாஸ். ஒரே ஒரு விஷயம். டெஸ்ட் எடுத்த இடத்துலதான் தினமும் வேலை செய்யணும். இடம் மாத்தினா மறுபடி டெஸ்ட். இப்ப மேஜையை போட்டோ எடுத்து அனுப்பிடுங்க."

போட்டோ எடுத்தாள். ஜன்னல், மேஜை, பின்னால் டிவி அலமாரி எல்லாம் விழுந்தது. அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தாள். வியர்வையில் குளித்த இருவரும் உள்ளே வந்தார்கள்.

"புதன்கிழமைக்கு மேல ஆள் வர்றானே, நடுரூமுக்கு மாத்திடுவோம்" என்றார் மாமனார், எங்கோ பார்த்துக்கொண்டு. இந்தத் தடவை எந்த எண்ணையும் அவர் சொல்லவில்லை.

"வேணாம் மாமா. புகாரை வாபஸ் வாங்கிடறேன். ரூட்டர் இங்கதான் இருக்கணும், நானும் இங்கதான் இருக்கணும். ஆபீஸ் சட்டம்."

"அப்ப டிவி?" மாமியாரின் குரல் முதல்தடவையாகச் சின்னதாக வந்தது.

"பின்ரூம்தான் காலியா இருக்கே அத்தை."

மாப்பிள்ளையே டிவியைத் தூக்கிப் போய் மாட்டினார். கொண்டுவந்த நீட்டிப்புப் பெட்டியைப் பின்ரூமிலேயே ஒரு பிளக்கில் சொருகினார். சிக்னல் இருக்கிற இடத்தில் வைத்தால்தானே அது எதையாவது வாங்கி நீட்டும்! இல்லாத இடத்தில் நின்றுகொண்டு எதை நீட்டுவது? மருமகளுக்கு இது தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியுமே.

"பாருங்க அத்தை, சிக்னல் கோடு முழுசா வந்துடுச்சு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு மாப்பிள்ளை கிளம்பினார். அது பெட்டியிலிருந்து டிவிக்கு வருகிற கோடு; ஹாலிலிருந்து பெட்டிக்கு வருவதை அது காட்டாது.

அதற்கப்புறம் பகலில் சீரியல் தொடங்கும் நேரமானால் பின்ரூமில் மாமனாரும் மாமியாரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பார்கள். திரையில் கதாநாயகியின் கை மாமியாரை அறைய ஓங்கி அப்படியே நிற்கும். நடுவில் ஒரு வட்டம் சுற்றும்.

"என்னங்க, அறைஞ்சாளா இல்லையா?"

"வட்டம் நின்னாத்தானே தெரியும்."

மாமியார் எழுந்து ஹால்வரை வருவாள். கேட்க வாயெடுப்பாள். மருமகள் ஹெட்போனைக் கழற்றாமல், திரும்பியும் பார்க்காமல், ஒரு விரலை மட்டும் தூக்குவாள். மாமியார் சத்தமில்லாமல் திரும்பி நடப்பாள்.